சுவாமி வாசலுக்கு வரேக்க பிள்ளையின்ர காது

கேள்வி (உவர்மலையில இருந்து ஒரு அம்மா): "எங்கட பிள்ளைக்கு 5 மாதம். கோணேசர் நகர்வலம் வரேக்க எங்கட வாசலிலயும் நிறைகுடம் வைக்கிறனாங்கள். தவில், நாதஸ்வரம், வெடி எல்லாம் இருக்கும். காதில பஞ்சு வச்சாக் காணும் எண்டு மாமி சொல்லுறா. போன முறை அக்காட பிள்ளை அந்தச் சத்தத்துக்குள்ளயும் நல்ல நித்திரை, ஒண்டும் ஆகேல்லையாம். பஞ்சு காணுமா டொக்டர்?"

காணாது அம்மா. ஆனா பஞ்சைப் பிறகு பாப்பம், எனக்கு அந்த "நல்ல நித்திரை" எண்ட சொல்லுதான் உறுத்திப் போட்டுது. வழமையாப் பாக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லப் போறன் எண்டு இப்பவே தெரிஞ்சிருக்கும். பிள்ளை நித்திரை கொள்ளும், காது நித்திரை கொள்ளாது. கண்ணை மூட இமை இருக்கு, காதை மூட ஒண்டும் இல்லை. நித்திரையில மூளை அந்தச் சத்தத்தைக் கவனிக்காம விடுகுது, அவ்வளவுதான். காதுக்குள்ள போற சத்தம் முழிச்சிருக்கிற பிள்ளைக்கு எவ்வளவோ, நித்திரைப் பிள்ளைக்கும் அவ்வளவுதான்.

இதை நான் சொல்லக் காரணம், நானே செய்த பிழை. மூத்தவனுக்கு 6 மாதமா இருக்கேக்க ஒரு கலியாணத்துக்குக் கொண்டு போனன். ஹோலுக்குள்ள சவுண்ட் பொக்ஸுக்குப் பக்கத்துக் கதிரையில நான், மடியில அவன். கெட்டிமேளம் அடிக்கேக்கயும் அசையேல்லை. "பாருங்கோ, என்ர பிள்ளை ஒண்டுக்கும் பயப்பிடான்" எண்டு பக்கத்தில இருந்தவைக்குப் பெருமை வேற அடிச்சன். காது வைத்தியம் படிச்ச மனுசன்!

உள்காதில சத்தத்தைப் பிடிக்கிற மயிர்க்கலங்கள் கிட்டத்தட்ட 15,000தான் இருக்கு. செத்தா மனிசருக்குத் திரும்ப முளைக்காது. கொஞ்சம் செத்தா ஒண்டும் விளங்காது, அதுதான் "ஒண்டும் ஆகேல்லை" எண்டு நாங்கள் நினைக்கிறது. வளந்த பிள்ளை "காதுக்குள்ள ஙொய் எண்டுது அம்மா" எண்டு சொல்லும். 5 மாதப் பிள்ளை எப்பிடிச் சொல்லும்? அதோட குழந்தைப்பிள்ளையின்ர காதுக் குழாய் சின்னன். அதே சத்தம், முக்கியமாக் கீச்சுச் சத்தம், அங்க போகேக்க எங்கட காதில இருக்கிறதைவிடக் கூடின அழுத்தத்தோட செவிப்பறையில அடிக்கும்.

சரி, இனி உங்கட வாசல். உலக சுகாதார நிறுவனம் பிள்ளையளுக்குச் சொல்லுற கணக்கு, கிழமைக்கு 40 மணித்தியாலம், 75 டெசிபல். அது சத்தமான ரோட்டோரம் மாதிரி. அதில இருந்து 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாக் குறையும். தவிலும் நாதஸ்வரமும் உங்கட கேற்றடியில, 2 மீற்றரில, 99 டெசிபலில வருது எண்டு வைப்பம். பாதி பாதியா எட்டுத் தரம் வெட்டினா மிச்சம் 9 நிமிசம் சொச்சம். அது முழுக் கிழமைக்கும் சேத்து. வாசலில சுவாமி நிண்டு, தீபாராதனை முடிஞ்சு, மேளகாரர் ஒரு உருப்படி வாசிச்சிட்டுப் போக 9 நிமிசம் காணுமோ?

இப்ப பஞ்சு. பஞ்சுக்குள்ளால காத்துப் போகும், காத்துப் போனாச் சத்தமும் போகும். ஒரு 5 டெசிபல் குறைஞ்சாலே பெரிய காரியம். அதைவிடக் கெட்டது என்னெண்டா, பஞ்சு வச்சிட்டம் எண்ட தைரியத்தில கேற்றடியிலயே நிப்பியள். தள்ளி நிண்டு பாருங்கோ. திறந்த வெளியில தூரம் இரட்டிச்சா ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 2 மீற்றரில இருந்து 4 மீற்றருக்குப் போனா 9 நிமிசம் 37 நிமிசம் ஆகும். 8 மீற்றர் எண்டா இரண்டரை மணித்தியாலம். பின்னறைக்குள்ள கொண்டு போய்க் கதவைச் சாத்தினா இன்னும் குறையும். நிறைகுடத்துக்குப் பக்கத்தில அப்பா நிக்கட்டும், அம்மம்மா பிள்ளையோட பின்னால இருக்கட்டும். மேளம் அடுத்த வாசலுக்குப் போன பிறகு பிள்ளையை வெளியில கொண்டு வந்து, சுவாமி போற திசையைக் காட்டித் திருநீறு பூசி விடுங்கோ.

ஒண்டு கவனம், கலியாண ஹோலுக்குள்ள இந்தத் தூரக் கணக்குச் சரிவராது. சுவரிலயும் கூரைச் சீற்றிலயும் பட்டுப் பட்டு எல்லா மூலையிலயும் ஒரே சத்தம்தான். தாலி கட்டேக்க பின் வரிசைக்குப் போறதில பெரிய லாபம் இல்லை, வெளியில போகோணும்.

வெடிக்கு நிமிசக் கணக்கே இல்லை. எங்கட காதுக்குள்ள ஒரு குட்டித் தசை இருக்கு, பெரிய சத்தம் வந்தா இறுகிக் கொஞ்சம் காப்பாத்தும். ஆனா அது முழுசா இறுகச் செக்கனில பத்தில ஒரு பங்கு வேணும். சீன வெடி அதுக்கு முதலே வெடிச்சு முடிஞ்சிடும். போனில சத்தம் அளக்கிற செயலியும் வெடிக்குச் சரிவராது, குறைச்சுத்தான் காட்டும். வெடி கொளுத்தப் போகினம் எண்டாப் பிள்ளை உள்ளுக்கு, அவ்வளவுதான்.

காதை மூடுற கவசம் வாங்கலாம், ஹெட்போன் மாதிரி இருக்கும், ஆனா பாட்டுக் கேக்கிற ஹெட்போன் இல்லை. நல்லதாப் பொருந்தினா 20 டெசிபல் அளவில குறைக்கும். 99 எண்டது 79 ஆகும், பஞ்சோட ஒப்பிட்டுப் பாருங்கோ. குழந்தைக்குத் துணிப்பட்டி வச்சது நல்லம். தொப்பிக்கு மேலால போட்டா இடைவெளி விழும், பிறகு போட்டும் போடாத மாதிரித்தான். எங்கட வெயிலுக்கு உள்ள வேர்க்கும், மேளம் போனதும் கழட்டுங்கோ, போட்டபடி படுக்க வைக்காதேங்கோ. காதுக்குள்ள வைக்கிற பஞ்சணை மாதிரி அடைப்பான் வேண்டாம், பிள்ளை பிடுங்கி வாயில போடும்.

உண்மையில நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேற. நகர்வலம் வருசத்தில ஒருக்கா. அந்தத் திருவிழாக் கடையில வாங்கின பீப்பீயும் பற்றரித் துவக்கும் நாளாந்தம் வீட்டில கத்துதே! பெட்டியில சத்த அளவு எழுதியிருந்தாலும், அது சோதனைக்காரர் தள்ளி வச்சு அளந்தது. பிள்ளை அதைக் காதோட வச்சுப் பிடிக்கும். இப்ப சொன்ன அதே தூரக் கணக்குத்தான், மறுபக்கமா. 50 சென்ரிமீற்றரில அளந்ததைக் காதுக்கு 3 சென்ரிமீற்றரில கொண்டு வந்தா நாலு தரம் பாதியாகி, 24 டெசிபல் கூடும்.

வாங்க முதல் கடையிலயே பொம்மையை உங்கட காதோட வச்சு அமத்திப் பாருங்கோ. முகம் சுளிச்சா வேண்டாம். வீட்டில ஏற்கெனவே இருக்கெண்டா ஸ்பீக்கர் ஓட்டையளை மேலால டேப்பால ஒட்டி விடுங்கோ, சத்தம் நல்லாக் குறையும், பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. டேப்பைப் பிள்ளை உரிச்சு வாயில போடாமல் பாக்கோணும். என்ர பேத்தியின்ர ரயிலுக்கு நான் ரண்டு பட்டி ஒட்டினன். அவள் ஒண்டும் சொல்லேல்லை. எங்கட அம்மாதான், "ரயிலுக்குத் தடிமன் பிடிச்சிட்டுதோ?" எண்டு கேட்டவ.