கடிதத்தில் சொன்னது வரைபடத்தில் இருக்கிறதா?

இறுதியாண்டு கட்டடக்கலை மாணவர்களுக்கு வணக்கம். வேலை கேட்டு ஒரு ஸ்டுடியோவுக்கு எழுதும்போது, பத்து செமஸ்டரில் செய்த எல்லா டிசைனையும் கடிதத்தில் அடுக்காதீர்கள். மூன்று போதும். எந்த மூன்று என்பதை உங்கள் மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாமல், அந்த ஸ்டுடியோ எதைக் கட்டுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பூச்சில்லாத செங்கல்லில் சிறிய வீடுகள் கட்டும் ஸ்டுடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தீசிஸுக்கு விமான நிலையம் செய்தவருக்கு அதையே முதலில் எழுதத் தோன்றும். உழைப்பு அதில்தான் அதிகம், ரெண்டரும் அழகாக வந்திருக்கும். ஆனால் அவர் மூன்றாம் ஆண்டில் ரேட்-ட்ராப் பாண்ட் சுவர் வைத்து ஒரு சிறு வீடு வரைந்திருந்தால், இந்த ஸ்டுடியோவுக்கு அதுதான் முதல் சான்று.

அதையும் "சுற்றுச்சூழலுக்கு உகந்த வடிவமைப்பில் ஆர்வமுண்டு" என்று எழுதினால் வீண். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இப்படி எழுதுங்கள்: "செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவர் இது. சாதாரண 9 அங்குலச் சுவரைவிடச் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு குறையும். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் லிண்டலுக்குக் கீழ் வரிசையிலும் வெற்றிடம் விடாமல் கட்டக் காட்டியிருக்கிறேன். பக்கம் 4." கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் கனமானவை. கால்பங்கு மிச்சம் என்பது பாடத்திலேயே வந்துவிடும். வெற்றிடத்தை எங்கே அடைக்க வேண்டும் என்பது, டீட்டெய்லை உட்கார்ந்து வரைந்தவருக்குத்தான் தெரியும்.

பக்க எண்ணைக் கொடுத்துவிட்டால் படிப்பவர் அந்தப் பக்கத்தைத் திறப்பார். சான்று உடைவது பெரும்பாலும் அங்கேதான். படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 3000 மி.மீ. உயரம், 18 ரைசர் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 167 மி.மீ. இரண்டு ஃப்ளைட்டில் ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால், ஒரு ஃப்ளைட்டுக்கு எட்டு ட்ரெட்தான் வரும். ஒன்பதாவது ரைசர் ஏறியதும் கால் லேண்டிங்கில் இருக்கும். பிளானில் ஒன்பது ட்ரெட்டும் செக்‌ஷனில் எட்டும் இருந்தால், அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் எண்ணிப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். அதற்குப் பிறகு மற்றப் பக்கங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆகவே, கடிதத்தில் குறிப்பிடும் பக்கங்களையாவது அனுப்புமுன் பிளானையும் செக்‌ஷனையும் அருகருகே வைத்து எண்ணிவிடுங்கள்.

மூன்றாவதாகப் பலரும் வைப்பது, குழுவாகச் சென்று அளந்து வரைந்த பழைய வீட்டு டாக்குமென்டேஷன். நல்ல தேர்வுதான். ஆனால் "நாங்கள் ஆவணப்படுத்தினோம்" என்று நிறுத்திவிட்டால் உங்கள் பங்கு தெரியாது. அதே குழுவில் இருந்த இன்னொருவரும் அதே வரைபடத்தை அதே ஸ்டுடியோவுக்கு அனுப்பியிருக்கலாம். "முற்றத்தின் குறுக்கு செக்‌ஷனை அளந்து வரைந்தது நான், பிளான் மற்றவர்கள் வரைந்தது" என்று பிரித்து எழுதுங்கள். கேள்வி வந்தால், மூலைவிட்டங்களை அளந்து முற்றம் சதுரமா, கோணலா என்று பார்த்த விதத்தைச் சொல்லவும் தயாராக இருங்கள்.