கிரேன் கர்டரின் மேல் ஃபிளாஞ்சைத் தீர்மானிப்பது எது?

[காட்சி: துவாஸில் ஒரு ஷெட்டின் உட்புறம். ஓவர்ஹெட் கிரேன் இரும்புத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு நகர்கிறது.]

வணக்கம். துவாஸ், ஜூரோங் ஷெட்டுகளில் வேலை செய்யும் நமக்கு இந்தக் கிரேன் தினமும் பார்க்கும் ஒன்று. அதன் ரெயிலைத் தாங்கும் கர்டரை எப்படிக் கணக்குப் போடுவது என்று இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரில் 2015 ஏப்ரல் முதல் ஐரோப்பிய வடிவமைப்பு விதிகளான யூரோகோட்தான். ஆனால் அதற்கு முந்தைய ஷெட்டுகளில் கிரேனை மாற்ற நினைத்தால் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு கணக்குத்தான். அதனால் அந்த முறையிலேயே போகலாம்.

[திரையில்: கிரேனின் குறுக்குப் படம்]

கிரேன் 10 டன் தூக்கும். அதாவது சுமார் 100 கிலோநியூட்டன். கொக்கியைச் சுமந்து பாலத்தின் மேல் ஓடும் டிராலியின் எடை 20 கிலோநியூட்டன், பாலத்தின் எடை 92 கிலோநியூட்டன். இரண்டு ரெயிலுக்கும் இடையே 20 மீட்டர். கொக்கி ஒரு ரெயிலுக்கு 1 மீட்டர் வரை நெருங்கும். அப்படி நெருங்கும்போது, சரக்கும் டிராலியும் சேர்ந்த 120-இல் 114 அந்தப் பக்கமே இறங்குகிறது. பாலத்தில் பாதி 46. மொத்தம் 160, அந்தப் பக்கச் சக்கரங்கள் இரண்டு, ஆக ஒரு சக்கரத்துக்கு 80 கிலோநியூட்டன்.

கர்டரின் நீளம் 6 மீட்டர், சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர். கிரேன் எங்கே நின்றால் கர்டருக்கு மிக மோசம்? ஒரு சக்கரம் நட்டநடுவில் நின்றால் கர்டரை வளைக்கும் மொமென்ட் 120. இரண்டும் நடுவிலிருந்து சம தூரத்தில் நின்றாலும் 120தான். ஆனால் ஒரு சக்கரம் நடுவிலிருந்து 0.75 மீட்டர் தள்ளி நிற்கும்போது, அந்தச் சக்கரத்தின் அடியில் 135 கிலோநியூட்டன் மீட்டர் வருகிறது. இந்த இடத்தைத் தேடாமல் விட்டால் தொடக்கத்திலேயே 11 சதவீதம் குறைத்துக் கணக்குப் போட்டதாகிவிடும்.

[திரையில்: M = (2P/L) × (L/2 − a/4)²; M மொமென்ட், P ஒரு சக்கரத்தின் எடை, L கர்டரின் நீளம், a சக்கரங்களின் இடைவெளி]

அடுத்து இம்பாக்ட். சரக்கு வெடுக்கென்று எழும்போது வரும் அதிர்வுக்காக, மின்சாரக் கிரேனுக்குச் செங்குத்து எடையில் 25 சதவீதம் கூட்ட வேண்டும். 135 இப்போது 169 ஆகிறது. யூரோகோடில் இப்படி ஒரே சதவீதம் கிடையாது. தூக்கும் வேகத்தையும் ஹாய்ஸ்டின் வகையையும் பார்த்துப் பெருக்கெண் வரும்.

இனி சர்ஜ். டிராலி பாலத்தின் மேல் ஓடி பிரேக் போடும்போது ரெயிலைப் பக்கவாட்டில் தள்ளும். டிராலியும் சரக்கும் சேர்ந்த 120-இல் 10 சதவீதம், 12 கிலோநியூட்டன். சக்கரங்களுக்கு இரு பக்கமும் விளிம்பு இருப்பதால் நான்கு சக்கரமும் பகிர்ந்துகொள்ளும், ஆளுக்கு 3. இதன் மேல் இம்பாக்ட் சேர்க்க வேண்டாம்.

80 எங்கே, 3 எங்கே? பக்கவாட்டு மொமென்ட் வெறும் 5 கிலோநியூட்டன் மீட்டர். பலர் இங்கேதான் அசட்டையாக விடுகிறார்கள்.

[காட்சி: I வடிவக் கர்டர். மேல் ஃபிளாஞ்ச் மட்டும் சிவப்பாகிறது.]

செங்குத்து எடையை முழு கர்டரும் சுமக்கிறது. சர்ஜ் ரெயிலின் தலையில் தள்ளுவதால் அதை I-யின் மேல் பட்டையான மேல் ஃபிளாஞ்ச் மட்டுமே தாங்குவதாக எடுக்க வேண்டும். கீழ் ஃபிளாஞ்ச் உதவிக்கு வராது.

செங்குத்தும் பக்கவாட்டும் சேர்ந்து வரும்போது இரண்டையும் 1.4-ஆல் பெருக்குகிறோம். வளைவை எதிர்க்கும் அளவான கர்டரின் செக்‌ஷன் மாடுலஸ் 2000 கன செ.மீ. என்றால் செங்குத்து மொமென்ட் தரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 118 நியூட்டன். 200 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன் உள்ள மேல் ஃபிளாஞ்சில் சர்ஜ் தருவது 71. அந்தச் சின்ன 3 கிலோநியூட்டன் செய்கிற வேலை இது! கூட்டினால் 189. இரும்பின் வலிமை 275, ஆகவே பரவாயில்லை. செங்குத்து மட்டும் வரும்போது 1.6-ஆல் பெருக்கி, கர்டர் பக்கவாட்டில் முறுக்கிச் சாயாமல் நிற்குமா என்பதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் வளைவு. இதற்கு இம்பாக்ட் சேர்க்காத சக்கர எடை போதும். செங்குத்தாக நீளத்தில் 600-இல் ஒரு பங்கு, அதாவது 10 மி.மீ. வரை அனுமதி, நம் கர்டர் வளைவது 4 மி.மீ. சொச்சம். பக்கவாட்டில் 500-இல் ஒரு பங்கு, 12 மி.மீ.; வருவதோ 9! இதே கர்டர் 7.5 மீட்டராக இருந்தால் பக்கவாட்டு வளைவுதான் முதலில் எல்லை தாண்டும். அப்போது ஆழமான கர்டர் வாங்குவது காசுக்குக் கேடு. மேல் ஃபிளாஞ்சின் மேல் ஒரு சேனலைக் கவிழ்த்து வெல்டு செய்தால் பக்கவாட்டு விறைப்பு பல மடங்கு கூடும்.

[காட்சி: ரெயில் ஓரத்தில் மின்னும் இரும்புத் துகள்]

பழைய ஷெட்டில் ஏறிப் பார்த்தால், ரெயில் ஓரத்தில் பளபளக்கும் இரும்புத் துகள், தளர்ந்த ரெயில் கிளிப், மேல் ஃபிளாஞ்சும் நடுத் தகடான வெப்பும் சேரும் வெல்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தத்தைக் குறைக்க யாராவது ரெயிலின் அடியில் ரப்பர் பேட் வைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட் இல்லாதபோது, சாயப் பார்க்கும் கர்டரை ரெயிலும் சக்கரமும் ஓரளவு பிடித்துக்கொள்ளும் என்று ஸ்டாண்டர்டு ஒரு சலுகை தருகிறது. பேட் வைத்ததும் அந்தச் சலுகை போய்விடும்; சாய்வுக் கணக்கை மறுபடி போட வேண்டும்.