பிரான்ஸில் வீட்டு ஒப்பந்தம்: டெபாசிட் பணமும் மூன்று மாத நோட்டீஸும்

[திரையில்: மேசை மேல் பிரெஞ்சு வாடகை ஒப்பந்தம். இரண்டு பத்திகளில் மஞ்சள் கோடு.]

வணக்கம். பிரான்ஸில் வாடகைக்கு இருக்கிற பலர் வீட்டு ஒப்பந்தத்தில் இரண்டு பத்திகளைச் சரியாகப் படிப்பதில்லை. ஒன்று டெபாசிட் பற்றியது, இன்னொன்று வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ் பற்றியது. சாவி வாங்குகிற அன்று அவை கண்ணில் படாது. வீட்டை விடுகிற அன்றுதான் பணம் போவது தெரியும்.

ஊரிலிருந்து இங்கிலீஷ் படித்துவிட்டு வருகிறவர்கள் பிரெஞ்சு வார்த்தையைப் பார்த்ததும் அதற்கு இங்கிலீஷ் அர்த்தத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பம். அதனால் அந்தப் பத்திகளில் என்ன இருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்.

[திரையில்: "கோசியோன்" என்ற சொல் பெரிதாக.]

முதலில் இந்தச் சொல். காலேஜ் ஹாஸ்டலில் 'காஷன் டெபாசிட்' கட்டிய ஞாபகத்தில், ஒப்பந்தத்தில் கோசியோன் என்று பார்த்தால் 'ஓ, டெபாசிட்' என்று நினைத்துவிடுகிறோம். பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் டெபாசிட்டை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் மொழியில் டெபாசிட்டுக்குப் பெயர் 'தெப்போ த கராந்தி'. கோசியோன் என்றால் பணம் இல்லை, ஒரு ஆள். நீங்கள் வாடகை கட்டாவிட்டால் உங்களுக்குப் பதிலாகக் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுகிற ஜாமீன்தாரர்.

ஒப்பந்தத்தோடு 'ஆக்த் த கோசியோன்மான்' என்று தனியாக ஒரு தாள் வந்தால், அதில் கையெழுத்துப் போடப்போகிற மாமாவோ அண்ணனோ முழுவதும் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். அவர் டெபாசிட்டுக்குச் சாட்சி சொல்லவில்லை. உங்கள் வாடகைக் கடனையே தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

[திரையில்: பாரிஸுக்கு வடக்கே, ஒரு அடுக்குமாடி வீட்டின் வாசல்.]

இனி ஒரு கணக்கு. செய்ன்-சான்-தெனி மாவட்டத்தில் ஒரு வீடு, கட்டில், மேசை போன்ற தளவாடம் இல்லாத இரண்டு அறை. வாடகை மாதம் 900 யூரோ. தண்ணீர், படிக்கட்டு சுத்தம், லிஃப்ட் போன்றவற்றுக்கு, அதாவது ஷார்ஜுக்கு, 100 யூரோ. ஆக மாதம் 1000. இங்கே ஒரு தம்பி ஆறு வருடமாகக் குடியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

டெபாசிட் எவ்வளவு கேட்கலாம்? 1989 ஜூலை 6-ஆம் தேதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தளவாடம் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, அதுவும் ஷார்ஜ் சேர்க்காமல். தளவாடம் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதம் வரை. அதனால் தம்பியின் டெபாசிட் 900-ஐத் தாண்ட முடியாது, 1000 கேட்டால் தவறு. வாடகை வருடாவருடம் ஏறினாலும் டெபாசிட் ஏறாது. அந்தப் பணத்துக்கு வட்டியும் கிடையாது.

சரி, தம்பி வேறு வீடு பார்த்துவிட்டான். மார்ச் 31-ல் கிளம்பலாம் என்று முடிவு. பிப்ரவரி 28-ஆம் தேதி உரிமையாளருக்கு ஒரு ஈமெயில் அனுப்புகிறான். 'நான் மார்ச் கடைசியில் காலி செய்கிறேன். மார்ச் வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்.' சென்னையில் வாடகைக்கு இருந்த பழக்கம். அங்கே அட்வான்ஸில் கழித்துக்கொள்வது சாதாரணம். இங்கே இந்த இரண்டு வரியிலும் தப்பு இருக்கிறது.

[திரையில்: ஈமெயில் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு.]

முதல் தப்பு, ஈமெயில். காலி செய்யும் கடிதத்துக்கு, அதாவது கோன்ஷேவுக்கு, சட்டம் மூன்று வழிகளைத்தான் ஏற்கிறது. பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு வரும் பதிவுத் தபால், சட்ட அலுவலர் மூலம் கொடுப்பது, நேரில் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. இங்கே பழைய ஆட்கள் உய்சியே என்று சொல்வதுதான் அந்தச் சட்ட அலுவலர். ஈமெயில், எஸ்எம்எஸ், வாட்ஸ்ஆப் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. உரிமையாளர் போனில் 'சரி சரி' என்று சொன்னாலும் அதை வைத்து நாள் எண்ண முடியாது.

தம்பிக்கு இது மார்ச் 3-ஆம் தேதி ஒருவர் சொல்லித் தெரிகிறது. அன்றைக்கே ரெக்கமாந்தே, அதாவது அந்தப் பதிவுத் தபால், அனுப்புகிறான். தபால்காரர் போனபோது உரிமையாளர் வீட்டில் இல்லை. தபால் நிலையத்துக்கு வந்து அவர் கடிதத்தை எடுத்தது மார்ச் 12. நோட்டீஸ் காலம் எண்ண ஆரம்பிப்பது அந்த 12-ஆம் தேதியிலிருந்து. நீங்கள் தபால் போட்ட நாளுக்கு இதில் மதிப்பு இல்லை. அவர் எடுக்காமலேயே விட்டு, கடிதம் உங்களிடமே திரும்பி வந்தால், காலம் ஆரம்பிக்கவே இல்லை. அப்படி நடந்தால் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், இல்லையேல் சட்ட அலுவலரிடம் போங்கள். செலவு இருக்கிறது, ஆனால் ஒரு மாத வாடகை வீணாவதைவிடக் குறைவு.

[திரையில்: காலண்டர். மார்ச் 12, ஏப்ரல் 12, ஜூன் 12.]

அடுத்து, எத்தனை மாதம்? ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கும். தளவாடம் இல்லாத வீட்டுக்குப் பொது விதி அதுதான். தளவாடம் உள்ளதற்கு ஒரு மாதம். ஆனால் மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைக்கும் காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன. வேலை போனது, முதல் வேலை கிடைத்தது, வேலையிட மாற்றம், மருத்துவச் சான்றோடு கூடிய உடல்நிலை, ஆர்எஸ்ஏ என்ற குறைந்த வருமானத்துக்கான அரசு உதவி பெறுவது, சமூக வீடு ஒதுக்கப்பட்டது போன்றவை. இவற்றில் மிக அதிகம் பயன்படுவது 'சோன் தாந்து', அதாவது வீட்டுக்குக் கடும் தட்டுப்பாடு உள்ள பகுதி. பாரிஸும் அதைச் சுற்றியுள்ள பெரும்பாலான ஊர்களும் அதற்குள் வருகின்றன, லியோனும் மார்செய்யும்கூட. உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று அரசு இணையதளமான சர்வீஸ்-பப்ளிக்கில் தபால் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால், ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்று அச்சாகியிருந்தாலும் உங்களுக்கு ஒரு மாதம்தான்.

ஆனால் அது தானாக வராது. கடிதத்திலேயே காரணத்தை எழுத வேண்டும், சான்று தேவைப்படும் காரணம் என்றால் அதே உறையில் சான்றையும் வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் மூன்று மாதம் ஆகிவிடும். தம்பி அந்த ஒரு வரியை எழுதினான்: 'என் வீடு சோன் தாந்துவில் இருப்பதால் ஒரு மாத நோட்டீஸ் தருகிறேன்.' அவன் நோட்டீஸ் ஏப்ரல் 12-ல் முடிகிறது. அந்த வரி இல்லையென்றால் ஜூன் 12 வரை வாடகை கட்டியிருக்க வேண்டும். ஒரு வரி, இரண்டு மாத வாடகை.

அவன் மார்ச் 31-லேயே பெட்டி படுக்கையோடு போய்விட்டாலும் ஏப்ரல் முதல் 12 நாளுக்கு வாடகை உண்டு. 1000-ஐ 30-ஆல் வகுத்துப் 12-ஆல் பெருக்கினால் 400 யூரோ. உரிமையாளர் சம்மதத்தோடு புதிய ஆள் அதற்கு முன்பே குடிவந்தால், அவர் வந்த நாளோடு தம்பியின் வாடகை நின்றுவிடும்.

இரண்டாவது தப்பு, மார்ச் வாடகையைக் கழிக்கச் சொன்னது. இங்கே கடைசி மாத வாடகையை டெபாசிட்டால் ஈடுகட்டும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லை. கட்டாமல் விட்டால் அது வாடகைப் பாக்கி. முன்னே சொன்ன ஜாமீன்தாரர் மாமாவின் வீட்டுக்கும் கடிதம் போகலாம். தம்பி மார்ச் வாடகையையும் அந்த 400-ஐயும் கட்டிவிட்டான்.

[திரையில்: காலியான அறை. ஜன்னல் பக்கச் சுவரில் கிரேயான் கிறுக்கல்.]

ஏப்ரல் 12. சாவி கொடுக்கும் நாள். வீட்டின் நிலையை இருவரும் சேர்ந்து பார்த்து எழுதும் தாள், 'எத்தா தே லியூ'. குடிவந்த நாளிலும் இப்படி ஒன்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் டெபாசிட் விவகாரத்தின் அடிப்படை. குடிவந்தபோது ஒரு கீறலை எழுத மறந்தால், பத்து நாளுக்குள் திருத்தக் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது, மறந்த கீறல் ஆறு வருடம் கழித்துத் தங்கள் கணக்கில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

தம்பியின் வீட்டில் வரவேற்பறை பெயின்ட் மங்கியிருக்கிறது. இன்னொரு சுவரில் மகன் கிரேயானால் வரைந்திருக்கிறான். உரிமையாளர் இரண்டுக்கும் பணம் கேட்கிறார். மங்கிய பெயின்ட் காலத்தால் வந்த தேய்மானம், வெத்துஸ்தே, அது உரிமையாளர் செலவு. கிரேயான் சுவர் தம்பியின் பொறுப்பு. ஆனால் அதற்கும் முழுப் பணம் கட்டத் தேவையில்லை.

அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க 350 யூரோ என்று விலைப்பட்டியல் வந்தது. ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த தேய்மான அட்டவணை பெயின்ட்டின் ஆயுளைப் பத்து வருடம் என்கிறது, வருடத்துக்குப் பத்து சதவீதம் குறையும். குடிவந்தபோது புதுப் பெயின்ட். ஆறு வருடத்தில் அறுபது சதவீதம் கழிந்துவிட்டது. மிச்சம் நாற்பது சதவீதம், அதாவது 140 யூரோ மட்டும் தம்பி பங்கு. அட்டவணை இல்லாத ஒப்பந்தத்திலும் நீதிபதி பெயின்ட்டின் வயதைக் கணக்கில் எடுப்பார். உரிமையாளர் சும்மா ஒரு தொகையைச் சொல்லிப் பிடித்துக்கொள்ள முடியாது. பில்லோ விலைப்பட்டியலோ காட்ட வேண்டும்.

[திரையில்: 900 − 140 − 180 = 580]

இன்னொரு கழிவும் உண்டு. வீடு பல உரிமையாளர்கள் சேர்ந்த கட்டடத்தில் இருந்தால், அந்த வருட ஷார்ஜ் கணக்கு முடியும்வரை டெபாசிட்டில் இருபது சதவீதம் வரை நிறுத்திவைக்கலாம். இங்கே 180. கணக்கு முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆக இப்போது தம்பிக்கு வர வேண்டியது 580 யூரோ.

எப்போது வர வேண்டும்? இரண்டு எத்தா தே லியூவும் ஒத்துப்போனால் சாவி கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம். வித்தியாசம் இருந்தால் இரண்டு மாதம். தம்பிக்குச் சுவர் இருப்பதால் ஜூன் 12 வரை. அதைத் தாண்டினால், ஆரம்பித்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஷார்ஜ் இல்லாத வாடகையில் பத்து சதவீதம் கூடும். இங்கே மாதம் 90 யூரோ. இதற்கு ஒரு நிபந்தனை: உங்கள் புதிய முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவருக்கு இந்தக் கூடுதல் கிடையாது. வெளியேறும் எத்தா தே லியூவிலேயே முகவரியை எழுதிவிடுவது நல்லது.

பணம் ஜூன் 12-ல் வரவில்லை. தம்பி பதிவுத் தபாலில், தேதியையும் தொகையையும் எழுதிப் பணத்தைக் கேட்கிறான். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த படி மாவட்ட சமரசக் குழு, அது இலவசம். அங்கும் முடியாவிட்டால் நீதிமன்றம். கேட்க மூன்று வருட அவகாசம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் 'அதில்' (ADIL) என்ற பெயரில் இருக்கும் வீட்டுத் தகவல் அலுவலகத்தில் வீட்டுச் சட்ட ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும்.

அவன் கதையில் சமரசக் குழுவின் தேதி வருவதற்குள் உரிமையாளர் இறங்கிவிட்டார். செக் வந்தது ஆகஸ்ட் 20. ஜூன் 12 தொடங்கி ஆரம்பித்த மாதங்கள் மூன்று, அதனால் 270 கூடுதல். செக்கில் இருந்தது 850 யூரோ. அந்த 180-க்கு அவன் இன்னும் கட்டடத்தின் வருடக் கணக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான்.

[திரை மங்குகிறது.]