மோர் மிளகாயின் மேல் மூன்று வெள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் எங்கள் கும்பகோணம் பக்கத்து வீடுகளில் சித்திரையில் போட்ட வத்தலும் வடாமும் பரணிலிருந்து இறங்கும். காய்கறிக் கடைக்குப் போக முடியாத நாளில் மணத்தக்காளி வத்தக் குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு ஓடிவிடும். அப்படி ஒரு மழை நாளில் எதிர்வீட்டுப் பெண் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், மோர் மிளகாய் மேல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. அத்தை உப்பு பூத்திருக்குன்னு சொல்றாங்க. எனக்குப் பூசணமோன்னு பயமா இருக்கு. பாத்துச் சொல்றீங்களா?" என்றாள்.

நான் பல வருடம் மனையியல் பாடம் நடத்தியவள். ஆனாலும் அந்தப் பாட்டிலை வெளியிலிருந்து பார்த்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மோர் மிளகாயின் மேல் மூன்று வகை வெள்ளை வரும், தூரத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதல் வெள்ளை உப்பு. ஈரம் கொஞ்சம் ஏறி மறுபடி காயும்போது உள்ளே ஊறிய உப்பு தோலுக்கு மேல் வந்து படிகமாக நிற்கும். வெளிச்சத்தில் திருப்பினால் மினுக்கும், விரலில் நெருநெருவென்று படும். இரண்டாவது வெள்ளை மோர். தயிரின் கெட்டிப் பகுதி மிளகாயின் சுருக்கங்களில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக் காய்ந்திருக்கும். மினுக்காது, நகத்தால் சுரண்டினால் பொருக்காகப் பெயரும். மூன்றாவதுதான் பூசணம். அது ஒட்டியிருக்காது, முளைத்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்தால் பஞ்சு போல, சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரியும். முதலில் காம்பைச் சுற்றியும் கீறின வாயிலும்தான் வரும்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். மிளகாயைத் தட்டில் வைத்து வெள்ளையின் மேல் சொட்டு விடுங்கள். உப்பு என்றால் கண்ணெதிரில் கரைந்துவிடும். மோர் என்றால் தண்ணீர் பால் நிறமாகிக் குழகுழக்கும். பூசணம் என்றால் கரையாது. தண்ணீர் அதன் மேல் உருண்டு நிற்கும், அல்லது இழைகள் நனைந்து சாம்பல் நிறமாகப் படிந்துவிடும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். நெருங்கி முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், பூசணத் தூள் மூச்சோடு உள்ளே போகும். மூடியைத் திறந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே போதும். நல்ல மோர் மிளகாயில் புளிப்பும் காரமும் கலந்த வாசனை வரும். கெட்டதில் மழையில் நனைந்த கோணிச் சாக்கின் வாடை வரும்.

அவள் கொண்டுவந்ததில் சொட்டுத் தண்ணீர் வெள்ளையைக் கரைத்துவிட்டது. வெளியே இருந்தது உப்புதான், அத்தை சொன்னது சரி. அவள் நிம்மதியாகப் பாட்டிலை மூடப்போனாள். நான்தான் பத்து மிளகாயை எடுத்து வகுந்து பார்க்கச் சொன்னேன். ஆறு சுத்தமாக இருந்தன. நாலில், விதை ஒட்டியிருக்கும் நடுத்தண்டில் பச்சையும் சாம்பலுமாகப் பூத்திருந்தது. வெளித்தோலில் ஓர் அறிகுறியும் கிடையாது.

மிளகாய் உள்ளே வெற்றிடம் உள்ள காய். மோரும் உப்பும் தோலின் சதையில் ஊறுகின்றன. கீறல் சிறியதாக இருந்தால் விதைத்தண்டு வரை போவதில்லை. வெயிலும் அப்படித்தான். வெளித்தோல் இரண்டு நாளில் காய்ந்து சுருங்கி, உள்ளேயிருக்கும் ஈரத்துக்கு வழியை அடைத்துவிடும். ஆக உப்பு குறைவாகவும் ஈரம் அதிகமாகவும் இருக்கிற ஒரே இடம் அந்தத் தண்டு. "இவ்வளவு உப்பு போட்டிருக்கிறோமே, பூசணம் எப்படி வரும்?" என்று கேட்பார்கள். உப்பு பாக்டீரியாவை நன்றாகத் தடுக்கும். பூசணத்தில் சில வகைகளோ உப்பைத் தாங்கிக்கொண்டு வளரும், உப்புக் கருவாட்டில்கூடப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். நுனியில் மட்டும் ஊசியால் குத்தினாளாம். ஐந்து நாள் காயவைத்ததில் ஒரு நாள் மேகமூட்டம். கடைசி நாள் சாயந்திரம் மொட்டை மாடியிலிருந்து எடுத்து, சூடு ஆறுமுன் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டாள். மூன்றுமே சேர்ந்து செய்த வேலை இது. குத்தினது போதவில்லை, வெயில் போதவில்லை, சூட்டோடு மூடியதில் உள்ளே வேர்த்து, அந்த வேர்வை மிளகாய்க்கே திரும்பிவிட்டது.

இப்போது நான் போடுகிற முறையைச் சொல்கிறேன். ஒரு கிலோ பச்சை மிளகாய்க்கு நன்றாகப் புளித்த மோர் ஒரு லிட்டர், உப்பு 80 கிராம். காம்பு இருக்கட்டும், ஆனால் கத்தி நுனியால் நடுவில் ஓர் அங்குல நீளத்துக்குக் கீறிவிடுங்கள். விதைத்தண்டு கண்ணில் பட வேண்டும். இரவில் மோரில் ஊறட்டும், பகலில் எடுத்து வெயிலில் பரப்புங்கள், சாயந்திரம் மறுபடி அதே மோரில் போடுங்கள். மூன்று நான்கு நாளில் மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு வெறும் வெயில்தான்.

எத்தனை நாள் வெயில் என்று யாரும் சொல்லிவிட முடியாது, பங்குனி வெயில் வேறு, மேகம் போட்ட நாள் வேறு. நான் தராசை நம்புகிறேன். போன சித்திரையில் ஒரு கிலோ மிளகாயைக் காயவைத்தபோது, மோர் இழுத்த பிறகு மூன்றாம் நாள் சாயந்திரம் 330 கிராம் இருந்தது. கையில் எடுத்தால் காய்ந்தது போலவே இருந்தது, வேறு யாராவது அன்றே டப்பாவில் போட்டிருப்பார்கள். மறுநாள் 295, அதற்கடுத்த நாள் 275, அதற்கும் மறுநாள் அதே 275. எடை நின்றுவிட்டால் அந்த வெயிலால் இனி எடுக்க முடிகிற ஈரம் இல்லை என்று பொருள். காய்ந்ததுபோல் தெரிந்த நாளுக்கும் உண்மையில் காய்ந்த நாளுக்கும் நடுவே 55 கிராம் தண்ணீர் இருந்தது பாருங்கள். அதுதான் கார்த்திகையில் பூசணமாகத் திரும்பி வருவது. தராசு இல்லாதவர்கள் காம்பை ஒடித்துப் பார்க்கலாம். வளைந்தால் ஈரம், படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது. ஒரு கை அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஓடும்.

காய்ந்ததும் அப்படியே நிரந்தர டப்பாவுக்குப் போகாதீர்கள். சூடு ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் கண்ணெதிரில் வையுங்கள். தினம் ஒரு தடவை குலுக்குங்கள். அரைகுறையாகக் காய்ந்த மிளகாய் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றின் ஈரம் வெளியே வந்து கண்ணாடியில் மூடு பனி போலப் படியும். படிந்தால் மொத்தத்தையும் மறுபடி வெயிலில் கொட்டுங்கள். அப்போது சித்திரைதான், வெயிலுக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டுப் பெண் பாட்டிலை அன்றே பரணில் ஏற்றிவிட்டாள், அதைப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்த்துப்போகும். புதிதாக வாரிய கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். அது அதைவிட வறண்ட காற்றிலேயே தண்ணீரை இழுத்துவிடும். நாக்கில் லேசாகக் கசப்பதும் அதனால்தான். எங்கள் வீட்டில் பழைய உப்பைத்தான் வத்தலுக்கு எடுப்பார்கள், பானையில் கிடந்து அந்தக் கசப்புநீர் வடிந்துவிட்ட உப்பு. கைவசம் புதுக் கல்லுப்புதான் இருக்கிறதென்றால் வத்தலுக்கு மட்டும் தூள் உப்பு போடுங்கள்.

சரி, பூத்த மிளகாயைத் துடைத்துவிட்டு எண்ணெயில் பொரித்தால் கெடுதல் போய்விடாதா? அந்தப் பெண்ணும் இதைத்தான் கேட்டாள், ஒரு கிலோ மிளகாயும் ஐந்து நாள் உழைப்பும் போகிறதே என்ற வருத்தத்தில். பூசணம் செத்துவிடும். அது விட்டுவைத்த நஞ்சு சாகாது. காய்ந்த மிளகாயிலும் நிலக்கடலையிலும் சோளத்திலும் வருகிற மஞ்சள் பச்சைப் பூசணம் ஒன்று அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைத் தாக்கும் அந்த நஞ்சு நாம் பொரிக்கிற எண்ணெய்ச் சூட்டில் முழுதாக அழிவதில்லை. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது மூன்று வேளை உணவு, நமக்கு மோர் மிளகாய் தொட்டுக்கொள்ள ஒன்றிரண்டு. அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் பூத்த பூசணம் எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாதபோது, பத்தில் நாலு கெட்டிருக்கிற பாட்டிலில் மீதி ஆறைப் பொறுக்கி எடுக்க நான் சம்மதிக்கவில்லை. மொத்தமும் போயிற்று.

நமத்துப் போனது வேறு. பூசணமும் வாடையும் இல்லாமல், மெத்தென்று வளைகிறது, அவ்வளவுதான் என்றால் காப்பாற்றலாம். ஐப்பசி வெயிலில் காட்டாதீர்கள், அந்த ஈரக் காற்றில் வைத்தால் இழப்பதைவிட ஏற்றுக்கொள்வதே அதிகம். அடிகனமான வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டில் மிளகாயைப் பரப்பிப் புரட்டுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் காம்பு மறுபடி ஒடியும். ஆறவிட்டு மூடுங்கள். முன்னே விறகடுப்புக்கு மேலே உறியில் வத்தல் பானை தொங்கியதும் இதே காரணத்துக்குத்தான். இப்போது கேஸ் அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்கிறோம், அங்கே சூட்டோடு குழம்பின் ஆவியும் ஏறுகிறது. அந்த இடம் வத்தலுக்கு ஆகாது. பெரிய ஜாடி உள்ளறையில் இருக்கட்டும். பத்து நாளைக்கு வேண்டியதைச் சின்னப் பாட்டிலில் மாற்றிக்கொண்டு அதை மட்டும் அடுப்படியில் வையுங்கள்.

அப்பளத்துக்கு வேறு கணக்கு. வத்தல் மாதிரி ஒடிகிற அளவுக்கு அப்பளத்தைக் காயவைக்க முடியாது, அடுக்கும்போதே நொறுங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஈரத்தோடுதான் அது கட்டப்படுகிறது. கோடையில் வாங்கி மழைக்குச் சேர்த்துவைக்கிற பண்டமாக அதை நினைக்காதீர்கள், மழை மாதங்களில் மாதத்துக்கு ஒரு கட்டு போதும். கடையில் வாங்கும்போது பிளாஸ்டிக் உறையின் உள்பக்கம் பாருங்கள், பனி படிந்திருந்தால் வேண்டாம். வீட்டில் அடுக்கைப் பிரிக்கும்போது இரண்டு அப்பளம் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் ஏறிவிட்டது. பொரித்தால் கொப்புளம் கிளம்பாமல் தட்டையாகச் சிவக்கும். முதலில் ஓரத்தைப் பாருங்கள், பூசணம் அங்கேதான் ஊசிமுனை அளவு கரும்புள்ளியாகத் தொடங்கும். மிளகோ சீரகமோ போட்ட அப்பளத்தில் அது கண்ணை ஏமாற்றும். மிளகுத் துணுக்கை விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும், அழியாது. பூசணப் புள்ளி விரலில் கரியாக ஒட்டிக்கொண்டு வரும்.

அந்தப் பெண் மறுநாள் சுண்டக்காய் வத்தல் டப்பாவையும் எடுத்துவந்தாள். அதில் ஒரு கை அள்ளி உடைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் படக்கென்று உடைந்தது, உள்ளே விதை காய்ந்து பொன்னிறமாக இருந்தது. அன்றைக்கு அவள் வீட்டில் சுண்டக்காய் வத்தக் குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

வணக்கம்.