கட்டெறும்பு எதை நம்பி நடக்கிறது?

(காட்சி: முருங்கை மரத்தடியில் எறும்பு வளை, அதற்கு எதிரே தரையில் வரிசையாக மூன்று வெள்ளைத் தாள்கள்)

இந்த வளையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு பாட்டில் மூடி வைத்திருக்கிறேன். அதில் 100 மில்லி தண்ணீருக்கு 20 கிராம் சர்க்கரை கரைத்து, எறும்பு மூழ்கிவிடாமல் இருக்கப் பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறேன். கையில் கட்டம் போட்ட நோட்டும் கடிகாரமும். தாளிலும் அதே மாதிரி கட்டம் இருப்பதால், எறும்பு போகிற வழியை அப்படியே நோட்டில் வரைந்துவிடலாம்.

சாயங்காலம் 5 மணிக்கு உட்கார்ந்தேன். 5.17-க்குத்தான் முதல் கட்டெறும்பு வந்தது, அதுவும் நேராக வரவில்லை, எங்கெங்கோ சுற்றி, நோட்டில் நூல்கண்டு சிக்கிய மாதிரி ஒரு கோடு.

(காட்சி: மூடியின் விளிம்பில் எறும்பு, மிக அருகில்)

வயிற்றைப் பாருங்கள். குடிக்கக் குடிக்க உப்பி, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே வெளிறிய கோடுகள் தெரிகின்றன. குடிக்கும்போது அசையாது என்பதால், புல் நுனியில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு முதுகில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். அது திரும்பிப் போன வழி கிட்டத்தட்ட நேர்கோடு!

சரி, அப்புறம் எண்ணிக்கை. நடுத்தாளில் ஒரு கோடு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம், மூடியை நோக்கிக் கோட்டைத் தாண்டுகிறவை மட்டும். 5.30-க்கு 2, 5.40-க்கு 5, 5.50-க்கு 11, 6 மணிக்கு 12. கடைசியில் ஏறாமல் நின்றதற்கு ஆர்வம் குறைந்தது காரணமில்லை, மூடியைச் சுற்றி இடமே இல்லை. இதைக் கவனிக்காவிட்டால் கணக்கைத் தப்பாகப் படித்துவிடுவோம், அதனால் மூடி அகலமாக இருக்கட்டும்.

6.05-க்கு நடுத்தாளை எடுத்து அதையே திரும்ப வைத்தேன். எறும்புகள் கொஞ்சம் தடுமாறி, மறுபடி நடந்தன. நான் தாளைத் தொட்டதே அவற்றைக் குழப்புகிறதா என்று தெரிந்துகொள்ள இது வேண்டும். அதன்பிறகுதான் புதுத் தாள் வைத்தேன்.

(காட்சி: புதுத் தாளின் விளிம்பு)

பொட்டில்லாதவை பல விளிம்பிலேயே நின்று, உணர்கொம்பால் தட்டிப் பார்த்துத் திரும்பின. ஏற்கெனவே நாலு தடவை போய்வந்த பொட்டு எறும்பு வேகம் குறைந்தது, ஆனால் நேராகக் கடந்துவிட்டது. மற்றவை, முன்னே போனவை வயிற்று நுனியால் தடவி வைத்த வாசனையைத் தேடுகின்றன. இதற்கு வழி ஞாபகம் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் ஒரே ஓர் எறும்பை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குறைந்தது பத்து எறும்புக்காவது பொட்டு வைத்து, இன்னும் சில சாயங்காலம் பார்க்க வேண்டும்.

எடுத்து வைத்திருந்த பழைய தாளை 6.20-க்கு அதே இடத்தில், ஆனால் குறுக்காகத் திருப்பி வைத்தேன். பழைய தடம் இப்போது பக்கவாட்டில் ஓடுகிறது. பொட்டில்லாத எறும்பு ஒன்று அந்தத் தடத்தைப் பிடித்து, சர்க்கரையைப் பக்கத்தில் விட்டுவிட்டு, தாளின் ஓரம் வரை போய் அங்கே வட்டமடித்தது.