சார்ஜர் செருகியிருக்கிறது, சார்ஜ் இறங்குகிறது

நேயர்களுக்கு வணக்கம். லேப்டாப் பழுது பார்க்கும் மேசையில் நான் அடிக்கடி கேட்கிற ஒரு புகாரைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

ஒரு கல்லூரி மாணவர் கேமிங் லேப்டாப்போடு வந்தார். "அண்ணா, சார்ஜர் போட்டுட்டுத்தான் விளையாடுறேன். ரெண்டு மணி நேரத்துல பேட்டரி முப்பதுக்கு வந்துடுது. அப்புறம் கேம் திக்கித் திக்கி ஓடுது" என்றார். வேறொரு கடையில் பேட்டரியை மாற்றச் சொல்லியிருந்தார்கள். புது பேட்டரி போட்ட பிறகும் அதே கதை.

நான் முதலில் லேப்டாப்பைத் திறக்கவில்லை. சார்ஜரைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். அவுட்புட் 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 180 வாட். அந்தச் சார்ஜர் தொடர்ந்து கொடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

பிறகு அவர் விளையாடும் கேமையே ஓடவிட்டுப் பார்த்தோம். கிராபிக்ஸ் சிப் 110 வாட் இழுத்தது, பிராசஸர் 65. திரை, மின்விசிறிகள், மெமரி, உள்ளே மின்சாரம் மாறும்போது வீணாவது எல்லாம் சேர்த்து இன்னொரு 25 என்று வையுங்கள். மொத்தம் 200 வாட். வருவது 180, போவது 200.

வீட்டு மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் குளியலறை, சமையலறை, தோட்டம் என்று எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் தொட்டியில் மட்டம் இறங்கத்தான் செய்யும். மோட்டாரில் பழுது இல்லை, தொட்டியிலும் ஓட்டை இல்லை.

குறைகிற 20 வாட்டை லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பல கேமிங் லேப்டாப்புகளை இப்படித்தான் வடிவமைக்கிறார்கள். சில நொடி உச்சத்துக்காகச் செங்கல் கனத்தில் சார்ஜர் கொடுப்பானேன், பேட்டரி தாங்கிக்கொள்ளட்டும் என்பது கணக்கு. சில நொடிக்கு அது நியாயமான கணக்குதான். மூன்று மணி நேரம் உச்சத்திலேயே ஓடும் கேமுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. இவருடைய பேட்டரி 60 வாட்-மணி. மணிக்கு 20 போனால் இரண்டு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி. அவர் சொன்ன முப்பதுக்குக் கணக்கு சரியாக வருகிறது, பாருங்கள். அந்த அளவுக்குக் கீழே போனதும் லேப்டாப் பேட்டரியைக் காப்பாற்ற கிராபிக்ஸ் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அவர் சொன்ன திக்கல் அதுதான்.

உங்கள் லேப்டாப்பிலும் இதே காரணம்தானா என்று நீங்களே பார்க்கலாம். கேமை மூடுங்கள். சில நிமிடத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கினால் சார்ஜரும் பேட்டரியும் வேலை செய்கின்றன. HWiNFO என்ற இலவச மென்பொருளில் பேட்டரிப் பகுதியில் Charge Rate என்று ஒரு வரி இருக்கும். கேம் ஓடும்போது அது மைனஸுக்குப் போகிறது, மூடினால் பிளஸுக்கு வருகிறது என்றால் இதுதான் விஷயம். கேமை மூடிய பிறகும் ஏறவில்லையா? அப்போது சார்ஜர், வயர், சார்ஜ் பின் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை: சார்ஜ் எண்பதிலேயே நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பேட்டரி ஆயுளுக்காகப் போட்டிருக்கும் வரம்பு, பழுதல்ல.

நண்பரின் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிக் கேம் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். குறை 20 வாட் அல்ல, அதைப்போல் பல மடங்கு.

பெரிய சார்ஜர் வாங்கலாமா என்று கேட்பார்கள். அதே தயாரிப்பாளர் அதே மாடலுக்கு 230 வாட் சார்ஜரும் தருகிறார் என்றால் வாங்கலாம். வோல்ட் மாறக் கூடாது. வாட் கூடுதலாக இருப்பதால் லேப்டாப் கருகிவிடாது, தேவையானதை மட்டும்தான் அது இழுக்கும். ஆனால் சில லேப்டாப்புகள் உள்ளே ஒரு உச்சவரம்பு வைத்திருக்கும், அதற்கு மேல் வாங்கவே மாட்டா. சில, சார்ஜரின் நடுப்பின் வழியாக அடையாளம் கேட்கும். தெரியாத சார்ஜர் என்றால் சார்ஜே ஏற்றாமல் வேகத்தையும் குறைத்துவிடும். மலிவு சார்ஜரில் பணம் போவது இங்கேதான்.

அந்த மாணவருக்கு நான் எதையும் விற்கவில்லை. கேம் அமைப்பில் நொடிக்கு 60 பிரேம் என்று வரம்பு வைத்தோம். அதுவரை நூற்றிருபதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் சிப் 70 வாட்டுக்கும், பிராசஸர் ஐம்பதுக்கும் இறங்கின. மொத்தம் 145. மிச்சம் 35 வாட் பேட்டரிக்குப் போனது. விளையாடும்போதே சார்ஜ் ஏறியது. "அறுபது பிரேம்ல கண்ணு உறுத்துதுண்ணா" என்று கொஞ்சம் முகம் சுளித்தார். சரி, எண்பது வைத்துப் பாருங்கள், Charge Rate மைனஸுக்குப் போகாத வரை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். வணக்கம்.