தோசைக்கல்லை ஆங்கிலத்தில் எப்படித் தேடுவார்கள்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசை மேல் மூன்று பாத்திரம் வைத்திருக்கிறேன்: தோசைக்கல், பணியாரக்கல், கல்சட்டி. மூன்றின் பெயரிலும் ‘கல்’ இருக்கிறது. ஆனால் கல்லில் செய்தது கல்சட்டி மட்டும்தான். ஆன்லைனில் விற்கிறவர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் விவரம் எழுதித் தருவது என் வேலை. அதில் நான் அதிகம் தப்பு பார்த்தது இந்த மூன்றில்தான்.

போன மாதம் ஒரு கடைக்கார அண்ணன், “பொருள் நல்லா இருக்கு தம்பி, ஆனா யாருமே வந்து பார்க்கல” என்று தன் பக்கத்தை அனுப்பினார். ஆங்கிலத் தலைப்பு Iron Dosa Stone. அப்படி யாரும் தேட மாட்டார்கள். ஆங்கிலத்தில் தேடுகிறவர் dosa tawa என்று அடிப்பார். நம்ம ஆட்களில் நிறையப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் dosa kallu, dosai kal என்று அடிப்பார்கள். ஆகவே தலைப்பில் tawa வரட்டும். மற்ற இரண்டையும், வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுசொற்களுக்கென்று கொடுத்திருக்கும் கட்டத்தில் போடுங்கள்.

அந்தக் கட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. சில தளங்களில் அதன் அளவு எழுத்துக் கணக்கில் இல்லை, பைட் கணக்கில். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் க, ச போன்ற எழுத்துக்கும் மூன்று, அதன் மேல் வைக்கும் புள்ளிக்கும் மூன்று, ஐகாரக் குறிக்கும் மூன்று. ‘தோசைக்கல்’ என்ற ஒரு சொல்லே 27 பைட். dosa kallu வெறும் 10. மொத்தம் 200 பைட் என்றால் தோசைக்கல் நீளத்தில் ஏழு தமிழ்ச் சொல்லோடு கட்டம் நிரம்பிவிடும். அதனால் தலைப்பில் ஏற்கெனவே இருக்கிற சொல்லை அங்கே திரும்பப் போடாதீர்கள். ‘தோசை கல்’ என்று ஒற்று விட்டு, இடைவெளியோடு அடிக்கிறவர்கள் ஏராளம். தேடுபொறி இதையும் ‘தோசைக்கல்’லையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. தலைப்பில் இலக்கணப்படி எழுதுங்கள், கட்டத்தில் ‘தோசை கல்’ இருக்கட்டும். அப்புறம், விவரத்தில் ‘தோசைக்கல்லை’, ‘தோசைக்கல்லில்’ என்றே எழுதிக்கொண்டு போனால் வெறும் ‘தோசைக்கல்’ எங்குமே வராமல் போய்விடும். ஒரு தடவையாவது வேற்றுமை உருபு இல்லாமல் வரட்டும்.

இப்போது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. Pre-seasoned என்பதை ‘முன்பே மசாலா சேர்க்கப்பட்டது’ என்று போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் இதற்குச் சொல் இருக்கிறது: கல்லைப் பழக்குவது. ‘பழக்கிய தோசைக்கல்’ என்றால் எண்ணெய் தடவிக் காய்ச்சி, உடனே தோசை வார்க்கத் தயாரானது என்று அம்மாக்களுக்குப் புரிந்துவிடும். அதேபோல் soapstone என்றால் ‘சோப்புக்கல்’ இல்லை, மாக்கல். அதில் செய்த சட்டிதான் கல்சட்டி.

பணியாரக்கல்தான் ரொம்பச் சிக்கல். இதோ, கிட்டக் காட்டுகிறேன்: 12 குழி. வடக்கே இதை appam patra என்று விற்கிறார்கள். அந்த விவரத்தைத் தமிழாக்கும்போது ‘ஆப்பச்சட்டி’ என்று போட்டுவிட்டால் போச்சு. நமக்கு ஆப்பச்சட்டி என்றால் ஒரே குழி, மூடியோடு வரும். ஆப்பம் சுட வாங்கியவர் பெட்டியைப் பிரித்தால் 12 குழி இருக்கும், அன்றைக்கே திருப்பி அனுப்புவார். ஆகவே தமிழில் ‘பணியாரக்கல் 12 குழி’. ஆங்கிலத் தலைப்பில் paniyaram pan, கூடவே appe pan. மராட்டியில் அப்பே என்றே சொல்கிறார்கள்.

ஒரு சொல் சரிதானா என்று நான் இப்படித்தான் பார்க்கிறேன். போனில் கணக்கு எதிலும் நுழையாமல் அந்தச் சொல்லை அடித்து, முதல் இரண்டு வரிசையில் வரும் படங்களை மட்டும் பார்ப்பேன். என் கையிலிருக்கிற பாத்திரம் அங்கே இருந்தால் சொல் சரி. வேறு பாத்திரம் வந்தால் அகராதி என்ன சொன்னாலும் அந்தச் சொல் வேண்டாம். பாதி அடிக்கும்போது தானாக வந்து நிற்கும் சொற்களையும் குறித்துக்கொள்வேன். அவை பெரும்பாலும் மற்றவர்கள் அடித்துத் தேடியவை.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நிறையப் பேர் தேடுகிறார்கள் என்பதற்காகத் தகட்டு இரும்புக் கல்லுக்கு cast iron என்று போடாதீர்கள். அது வார்ப்பிரும்பு, வேறு பொருள், வேறு எடை. தகட்டுக் கல்லுக்கு iron என்று மட்டும் போதும்.

சரி, அண்ணனுடையது உண்மையிலேயே வார்ப்பிரும்புதான். கடைசியில் அவர் பக்கத்துக்கு எழுதிய இரண்டு தலைப்பும் திரையில்:

```
வார்ப்பிரும்புத் தோசைக்கல் 12 இன்ச், பழக்கியது
Cast Iron Dosa Tawa 12 inch, Pre-Seasoned
```

கட்டத்தில் போட்டது ‘தோசை கல்’, ‘காஸ்ட் அயர்ன் தவா’, dosa kallu, dosai kal. இந்த நான்குதான்.